ஒரு நாள் டாக்ஸி, கைடு ரிவ்யூ: 42 நிமிடத் தாமதம், 38 கிலோமீட்டர் கூடுதல். யாருக்கு எத்தனை ஸ்டார்?

நீலக்குடை

போன சனிக்கிழமை நான், கணவர், மாமியார், பதிமூன்று வயது மகன் நால்வரும் ஒரு நாள் சுற்றுலா போய் வந்தோம். வண்டியும் கைடும் ஒரே கம்பெனி மூலம் புக் செய்தது. 10 மணி நேரம், 150 கிலோமீட்டர் பேக்கேஜ். முதலில் ஏரி, அப்புறம் பழைய கோட்டை, கடைசியில் மலை மேலே ஒரு காட்சிமுனை. காலை 7 மணிக்கு வண்டி வரும் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

வந்தது 7.42-க்கு. கோட்டையில் கைடு சொன்ன கதைகளில் பாதி உண்மையில்லை என்று மகன் ஃபோனில் தேடிக் காட்டினான். மதியம் கேட்காத கடைக்கு ஒன்று கூட்டிப் போனார்கள். காட்சிமுனைக்குப் போனபோது கேட்டைப் பூட்டிவிட்டார்கள். மாமியார் அதைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, பில்லில் 12 மணி நேரம், 196 கிலோமீட்டர் என்று போட்டிருந்தது. என் ஃபோனில் வழி பதிவாகியிருக்கிறது, அதில் 158 தான்.

ரிவ்யூ பக்கத்தைத் திறந்து ஒரு ஸ்டார் போட்டு, "நேரமும் கிடையாது, நேர்மையும் கிடையாது, விஷயமும் தெரியாது" என்று டிரைவர் பெயரோடு எழுதிவிட்டேன். அனுப்பும் முன் ஒரு தயக்கம். அந்த டிரைவர் மாமியாரைக் கைப்பிடித்து இறக்கிவிட்டவர், வண்டியையும் நிதானமாக ஓட்டினார். அனுப்பலாமா? எப்படி எழுதினால் நியாயமாக இருக்கும்?

ஓரச்சீட்டு

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? 38 கிலோமீட்டர் கூடுதலாகப் போட்டிருக்கிறார்கள், அது திருட்டு. ஃபோனில் 158 என்றால் 158 தான். ஸ்கிரீன்ஷாட்டோடு ஒரு ஸ்டார் போடுங்கள். டிரைவர்கள் மீட்டரில் விளையாடுவது தெரிந்த கதைதானே. நான் எங்கே போனாலும் கிளம்பும்போதே மீட்டரை ஃபோட்டோ எடுத்துவிடுவேன், முடியும்போதும் எடுப்பேன். அதன் பிறகு யாரும் என்னிடம் வாலாட்டியதில்லை.

காற்றாடி

எனக்கும் இதே அனுபவம்! விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு வந்த டாக்ஸியில் சுற்று வழியாகப் போய் இரண்டு மடங்கு வாங்கிவிட்டார். நீங்கள் ஆப்பில் புகார் கொடுத்தால் பணம் திரும்ப வந்துவிடும். எனக்கு மூன்றே நாளில் வந்தது.

நீலக்குடை

காற்றாடி, இது ஆப் டாக்ஸி இல்லைங்க, நாள் வாடகை. பணம் திரும்ப வருமா என்பதும் என் கேள்வி இல்லை. ரிவ்யூவை எப்படி எழுதுவது என்றுதான் கேட்கிறேன்.

பழைய ட்ரிப்ஷீட்

இருபது வருஷம் ஒரு டிராவல்ஸில் வண்டி அனுப்பும் மேசையில் உட்கார்ந்திருந்தவன் நான். இந்த மாதிரி புகாரைப் பிரித்துப் பார்ப்பதுதான் பாதி வேலை. அனுப்பாமல் நிறுத்தியது நல்லது. நீங்கள் சொல்வது பொய் என்பதால் இல்லை. நான்கு பேர் செய்ததை ஒருவர் தலையில் போட்டிருக்கிறீர்களோ என்று சந்தேகமாக இருக்கிறது.

நான்கு விஷயம் சொல்லுங்கள்.

பில்லோடு டூட்டி ஸ்லிப் என்று ஒரு தாள் தந்திருப்பார்கள், நீங்கள் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். அதில் தொடக்க நேரம், முடிந்த நேரம், தொடக்க கி.மீ., முடிந்த கி.மீ. என்னவென்று இருக்கிறது?

புக்கிங் உறுதி செய்த செய்தியில், "ஷெட் டு ஷெட்" அல்லது "கணக்கு நிறுத்துமிடத்தில் தொடங்கும்" என்ற மாதிரி ஏதாவது வரி உண்டா?

டிரைவர் பெயர், வண்டி எண் உங்களுக்கு எத்தனை மணிக்கு வந்தது?

கடைக்குப் போகலாம் என்று முதலில் வாயைத் திறந்தது யார்?

நீலக்குடை

தேடி எடுத்துவிட்டேன்.

ஸ்லிப்பில் தொடக்கம் காலை 6.55, முடிவு மாலை 6.55. கி.மீ. வித்தியாசம் 196. அசதியில் பார்க்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

உறுதிச் செய்தியில் கடைசி வரிக்கு முந்தின வரி: "நேரமும் தூரமும் ஷெட்டிலிருந்து ஷெட் வரை கணக்கிடப்படும்." அன்றைக்கு இதை நான் படிக்கவே இல்லை. ஷெட் எங்கே என்று கணவர் வரைபடத்தில் பார்த்தார். எங்கள் வீட்டிலிருந்து 18 கிலோமீட்டர்.

டிரைவர் விவரம் வந்தது அன்று காலை 6.38-க்கு.

கடை... சரியாக யோசித்தால், கைடு தான். கோட்டையில் சுற்றி முடித்ததும், "நானும் அந்தப் பக்கம்தான் போகிறேன், வழியில் இறங்கிக்கொள்கிறேன்" என்று முன் சீட்டில் ஏறிக்கொண்டார். சாப்பாடு முடிந்து கிளம்பும்போது, "பத்து நிமிஷம், பார்த்துவிட்டு வரலாம், வாங்க வேண்டிய அவசியமே இல்லை" என்றார். டிரைவர் ஒன்றும் சொல்லவில்லை, திருப்பிவிட்டார்.

பழைய ட்ரிப்ஷீட்

சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் கிலோமீட்டர். ஷெட்டிலிருந்து உங்கள் வீட்டுக்கு 18, இறக்கிவிட்டு ஷெட்டுக்குத் திரும்ப 18. மொத்தம் 36. உங்கள் ஃபோன் சொல்லும் 158-உடன் சேர்த்தால் 194. பில்லில் 196. மிச்சம் 2. வண்டி மீட்டர் சக்கரம் சுற்றுவதை எண்ணுகிறது, ஃபோன் நீங்கள் கடந்த புள்ளிகளைக் கோடு போட்டு இணைக்கிறது. மலை வளைவில் ஃபோன் கொஞ்சம் குறைத்துக் காட்டும். டயர் தேய்ந்திருந்தால் மீட்டர் கொஞ்சம் கூட்டிக் காட்டும். 158-க்கு 2 வித்தியாசம் என்பதை நான் மேசையில் இருந்தபோது திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன். ஆக, மீட்டரில் யாரும் கை வைக்கவில்லை.

ஓரச்சீட்டு நண்பர் ஃபோட்டோ எடுப்பது நல்ல பழக்கம். ஆனால் வீட்டு வாசலில் எடுத்த ஃபோட்டோ, வீட்டு வாசலில் தொடங்கும் கணக்குக்குத்தான் சாட்சி. ஷெட் கணக்கு என்றால் அந்தப் படம் பாதிக் கதையைத்தான் சொல்லும். வாசலில் எடுத்த எண்ணுக்கும் ஸ்லிப்பில் உள்ள தொடக்க எண்ணுக்கும் நடுவே எவ்வளவு இருக்கிறது, அது ஷெட் தூரத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தால்தான் படத்துக்குப் பயன்.

இப்போது நேரம். இங்கேதான் எனக்குச் சிரிப்பு வந்தது. கிலோமீட்டர் விஷயத்தில் அவர்களைக் காப்பாற்றும் அதே ஸ்லிப், நேர விஷயத்தில் அவர்களைக் காட்டிக்கொடுக்கிறது. 7 மணிக்கு உங்கள் வாசலில் நிற்க வேண்டிய வண்டி, 18 கிலோமீட்டர் தள்ளி 6.55-க்கு ஷெட்டை விட்டுக் கிளம்பியிருக்கிறது. அதாவது கிளம்பும்போதே தாமதம் உறுதி. டிராஃபிக், பஞ்சர் என்று யாராவது காரணம் சொன்னால் நம்பாதீர்கள். டிரைவர் என்ன காரணம் சொன்னார்?

நீலக்குடை

"டிராஃபிக் மேடம்" என்றார். :(

ஓரச்சீட்டு

பார்த்தீர்களா, பொய். ஒரு ஸ்டார் தான்.

சாவி கையில்

நான் டிரைவர். இதே தொழிலில் பதினோரு வருஷம். குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும்.

மேடத்துக்கு டிரைவர் பெயர், வண்டி நம்பர் செய்தி 6.38-க்கு வந்திருக்கிறது என்றால், அந்த டிரைவருக்கும் கிட்டத்தட்ட அப்போதுதான் டூட்டி வந்திருக்கும். முதல் நாள் ராத்திரி போட்ட வண்டி ஏதோ காரணத்தால் வரவில்லை, காலையில் யார் ஷெட்டில் இருக்கிறாரோ அவரைப் பிடித்துத் தள்ளியிருக்கிறார்கள். அவர் முகம் கழுவி, வண்டியைத் துடைத்து, 6.55-க்குக் கிளம்பியதே வேகம்தான். எனக்கு இது மாதத்தில் நாலைந்து முறை நடக்கும்.

அப்புறம் ஏன் டிராஃபிக் என்று சொன்னார்? "ஆபீஸ் லேட்டாகச் சொன்னது" என்று கஸ்டமரிடம் சொல்லக் கூடாது என்பது எங்களுக்கு உத்தரவு. சொன்னால் அடுத்த நாள் டூட்டி கிடையாது. டிராஃபிக் என்று சொன்னால் நாலு ஸ்டார் மூன்றாகும், அவ்வளவுதான். பொய் சொன்னது சரி என்று சொல்லவில்லை. அது எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறேன்.

பழைய ட்ரிப்ஷீட்

சாவி சொல்வது சரி. நானே அப்படி உத்தரவு போட்டவன் தான், பெருமையாகச் சொல்லவில்லை. ஒழுங்காக நடக்கும் இடத்தில் டிரைவர் விவரம் முதல் நாள் சாயங்காலமே வந்துவிடும். விடிந்த பிறகு வந்தால், ராத்திரி எங்கேயோ ஒரு வண்டி காலை வாரியிருக்கிறது என்று அர்த்தம். இந்த 6.38 தான் உங்கள் ரிவ்யூவில் உள்ள மிக முக்கியமான எண். அதை எழுதுங்கள். படிக்கிறவனுக்கு 'லேட்' என்ற சொல்லைவிட அது அதிகம் சொல்லும்.

ஆனால் ஒரு நிபந்தனை. 6.38-க்கு உங்களுக்குச் செய்தி வந்தது என்பது மட்டும்தான் உங்களுக்குத் தெரியும். டிரைவருக்கு எப்போது சொன்னார்கள் என்பது சாவியின் ஊகம், என் ஊகம். ராத்திரியே சொல்லியும் அவர் தூங்கிப்போயிருக்கலாம். அதனால் "விவரம் 6.38-க்குத்தான் வந்தது, ஸ்லிப்படி வண்டி 6.55-க்குக் கிளம்பியது" என்று மட்டும் எழுதுங்கள். காரணத்தைப் படிப்பவர் ஊகிக்கட்டும்.

அடுத்தது காட்சிமுனை. அதற்கு நேரக் கணக்கு முழுசாக வேண்டும். ஃபோனில் எங்கெங்கே எத்தனை மணிக்கு நின்றீர்கள் என்று இருக்குமே?

நீலக்குடை

இருக்கிறது. மகன் எழுதிக் கொடுத்தான்:

வீட்டிலிருந்து கிளம்பியது 7.45. ஏரி 9.15 முதல் 10.15. கோட்டை வாசல் 10.50. கைடு 10.30-க்கு வரச் சொல்லியிருந்தோம், அவர் காத்திருந்தார். கோட்டை முடிந்தது 1.00. சாப்பாடு முடிந்து கிளம்பியது 2.20. கடைக்குப் போய்ச் சேர்ந்தது 2.40, வெளியே வந்தது 3.35. திரும்ப மெயின் ரோட்டுக்கு வந்தது 3.50. காட்சிமுனை கேட் 5.20. அங்கே 5 மணிக்கே பூட்டியாயிற்று. வீடு 6.20.

கடை மெயின் ரோட்டிலிருந்து 6 கிலோமீட்டர் உள்ளே.

பழைய ட்ரிப்ஷீட்

பையனுக்கு என் பழைய வேலையைக் கொடுக்கலாம்.

பாருங்கள். 2.20-லிருந்து 3.50 வரை, கடை தின்றது ஒன்றரை மணி நேரம். அவர் சொன்னது பத்து நிமிஷம். கடை இல்லையென்றால் அதே வண்டி, அதே ரோடு, கேட்டுக்கு 3.50-க்குப் போயிருப்பீர்கள். பூட்ட இன்னும் ஒரு மணி பத்து நிமிஷம் இருந்திருக்கும். காலைத் தாமதத்தைச் சேர்த்தும்கூட.

மறுபக்கமும் போட்டுப் பாருங்கள். கடைக்குப் போயிருக்கிறீர்கள், ஆனால் வண்டி காலையில் சரியாக 7 மணிக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 42 நிமிஷம் முன்னால் போயிருந்தால் 4.38-க்குக் கேட். 22 நிமிஷம் கிடைத்திருக்கும். ஆக, இரண்டும் சேர்ந்துதான் பூட்டிய கேட்டில் நிறுத்தியிருக்கிறது, ஆனால் பெரிய பங்கு கடையுடையது. உங்கள் முதல் பதிவைப் படித்தால் காலைத் தாமதத்தால்தான் காட்சிமுனை போயிற்று என்று தோன்றுகிறது. உங்கள் கோபம் காலையிலேயே தொடங்கிவிட்டதால் அப்படி நினைவில் பதிந்திருக்கலாம். மேசையில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். முதலில் உறுத்தியது எதுவோ, அதன் பெயரிலேயே மொத்த நாளும் பில் ஆகும்.

இன்னொன்று. கடைக்குப் போய்வந்த 12 கிலோமீட்டர் உங்கள் 158-க்குள் இருக்கிறது, ஒன்றரை மணி நேரமும் 12 மணி நேரத்துக்குள் இருக்கிறது. நீங்கள் கேட்காத இடத்துக்குப் போக நீங்களே கூடுதல் கட்டணம் கொடுத்திருக்கிறீர்கள். ஷெட் கணக்கு பிடிக்கிறதோ இல்லையோ, எழுதிக் கொடுத்தது. இது எங்கேயும் எழுதிக் கொடுக்காதது. நேர்மை என்ற தலைப்பில் நீங்கள் எழுத வேண்டியது இது.

ஓரச்சீட்டு

மீட்டர் விஷயத்தில் நான் தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஷெட் வரியைக் கடைசிக்கு முந்தின வரியில் ஒளித்து வைத்ததை நீங்கள் ரொம்ப லேசாக விடுகிறீர்கள். 150 கிலோமீட்டர் பேக்கேஜ் என்று பெரிசாகப் போட்டுவிட்டு அதில் 36 ஷெட்டுக்கே போய்விடும் என்றால், உண்மையில் அவர்கள் விற்பது 114. நேரத்திலும் அப்படித்தான், 10 மணி நேரத்தில் காலையும் மாலையும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு மேல் வண்டி காலியாக ஓடியதற்கு. அதையும் எழுத வேண்டும்.

பழைய ட்ரிப்ஷீட்

நியாயம். எழுதச் சொல்கிறேன், அந்த 114 என்ற எண்ணோடு. ஆனால் கம்பெனி ரிவ்யூவில். டிரைவர் பேக்கேஜை எழுதுவதில்லை.

மூன்றாம் படிக்கட்டு

கைடு பக்கத்தை யாரும் தொடவில்லையே. "பாதி உண்மையில்லை" என்றால் எந்தப் பாதி? என்னென்ன கதை சொன்னார்?

(பழைய கட்டடங்கள் பார்ப்பதே என் பொழுதுபோக்கு. நல்ல கைடு, மோசமான கைடு இரண்டு பேரிடமும் நிறைய நடந்திருக்கிறேன்.)

நீலக்குடை

மகனைக் கேட்டேன். இரண்டு கதை. ஒன்று, இதே மாதிரி இன்னொன்று கட்டிவிடக் கூடாது என்று ராஜா கோட்டையைக் கட்டிய சிற்பியின் கண்களைப் பிடுங்கிவிட்டாராம். இன்னொன்று, வாசலில் உள்ள குதிரை வீரன் சிலையில் குதிரையின் ஒரு கால் தூக்கியிருப்பதால் அவர் போர்க்காயத்தால் இறந்தவர் என்று அர்த்தமாம். இரண்டு காலும் தூக்கியிருந்தால் போர்க்களத்திலேயே இறந்தவராம். மகன் தேடிப் பார்த்து இரண்டும் கட்டுக்கதை என்றான். அவரிடம் கேட்கவும் கேட்டுவிட்டான். "எங்கள் பெரியவர்கள் அப்படித்தான் சொன்னார்கள் தம்பி" என்று சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டார்.

மூன்றாம் படிக்கட்டு

இரண்டுமே ஊர் ஊராகச் சுற்றும் கதைகள். கண்ணைப் பிடுங்கிய கதையை மாஸ்கோவில் புனித பாசில் தேவாலயத்துக்குச் சொல்வார்கள், போஸ்ட்னிக் யாக்கோவ்லெவ் என்ற கட்டடக் கலைஞரை மன்னன் நான்காம் இவான் குருடாக்கினான் என்று. அந்தப் பெயர் பிறகு கசான் நகரத்துக் கட்டட வேலையிலும் வருகிறது. பிராகாவின் வானியல் கடிகாரத்துக்கும் இதே கதை, ஹனுஷ் என்ற கைவினைஞர் பெயரில். அந்தக் கடிகாரத்தை 1410-ல் செய்தவர் கடானைச் சேர்ந்த மிக்குலாஷ், அதாவது கதையின் நாயகனே ஆள் மாறிப்போனவர். தாஜ் மஹாலுக்கு வந்தால் கண்ணுக்குப் பதில் கைவிரல்கள். அந்தக் காலத்துப் பதிவு எதிலும் அது இல்லை. ஒரே கதை இத்தனை இடத்தில் நடந்திருந்தால் உலகத்தில் கண்ணுள்ள சிற்பியே மிஞ்சியிருக்க மாட்டார்.

குதிரைக்கால் கதையும் அப்படி. சில சிலைகளில் பொருந்தும், பலவற்றில் பொருந்தாது. சிற்பிகள் அப்படி ஒரு விதியை வைத்துக்கொண்டு வேலை செய்யவில்லை.

ஆனால் இதை வைத்து ஒரு கைடுக்கு விஷயம் தெரியாது என்று நான் முடிவு கட்ட மாட்டேன். அவர்களிடம் கதை எதிர்பார்த்துத்தான் பாதிப் பேர் வருகிறார்கள். நான் பார்ப்பது வேறு. கண்ணெதிரே இருக்கும் கல்லைக் காட்டி ஏதாவது சொன்னாரா? வேறு எந்தக் கோட்டையிலும் சொல்ல முடியாத, அந்தக் கோட்டையில் மட்டுமே சொல்லக்கூடியது ஏதாவது?

நீலக்குடை

சொன்னார்! மறந்தே போனேன். உள் முற்றத்தில் தரையில் விரலளவு பள்ளம் ஓடுவதைக் காட்டி, மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் சரிந்து தொட்டிக்குப் போகிறது என்று தன் பாட்டில்தண்ணீரை ஊற்றியே காட்டினார். தண்ணீர் நேராகப் போய் வளைந்து ஒரு ஓட்டைக்குள் இறங்கியது. மாமியார் கைதட்டினார். அப்புறம் சுவரில் கற்களின் ஓரத்தில் சின்னச் சின்னக் குறிகள், அம்பு மாதிரி, முக்கோணம் மாதிரி. கூலி எண்ணுவதற்காகக் கல் வெட்டியவர்கள் அவரவர் போட்ட அடையாளம் என்றார். மேல் வரிசையில் வேறு குறிகள், அதனால் அது பிறகு கட்டியதாக இருக்கலாம் என்றார். மகன் அதை மட்டும் பொய் என்று சொல்லவில்லை.

மூன்றாம் படிக்கட்டு

அப்படியானால் அவருக்கு விஷயம் தெரியும். "இருக்கலாம்" என்று சொன்னார் பாருங்கள், அதுதான் எனக்கு முக்கியம். தெரிந்தவர் எங்கே உறுதி, எங்கே ஊகம் என்று குரலிலேயே பிரிப்பார். கொத்தனார் குறிகள் பல நாட்டுப் பழைய கட்டடங்களில் உண்டு, கூலிக் கணக்கு என்பதும் பரவலாக ஏற்ற விளக்கம்தான். தண்ணீர் ஊற்றிக் காட்டியது எந்தப் புத்தகத்திலிருந்தும் வராது. பல தடவை அங்கே மழையில் நின்றவர்தான் அதைச் செய்வார்.

அவர் தவறு, சிற்பியின் கண்ணையும் தண்ணீர்ப் பள்ளத்தையும் ஒரே குரலில் சொன்னது. பையன் கேட்டபோது "கதைதான் தம்பி" என்று சொல்லியிருந்தால் முடிந்துவிட்டது. நான் அறிவுக்கு நான்கு கொடுப்பேன்.

ஓரச்சீட்டு

நான்கா? கதையை வரலாறாக விற்றவருக்கா? காசு கொடுத்துக் கேட்பவருக்கு எது உண்மை என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்கும் வேலை எதற்கு? எனக்கு இரண்டுதான்.

மூன்றாம் படிக்கட்டு

அந்த முற்றத்தில் நீங்கள் தனியாக நின்றிருந்தால் காலடிப் பள்ளத்தைப் பார்த்திருப்பீர்களா?

ஓரச்சீட்டு

நான் தடுக்கி விழுந்திருப்பேன். ஆனாலும் இரண்டு.

சாவி கையில்

கடை விஷயத்தில் ஒன்று கேட்கிறேன் மேடம். கடை வாசலில் டிரைவர் என்ன செய்தார்? வண்டியிலேயே இருந்தாரா, உள்ளே போனாரா? கவுன்டரில் யாராவது வண்டி எண்ணைக் குறித்தார்களா?

நீலக்குடை

டிரைவர் வண்டியிலேயே தூங்கினார். கைடு எங்களோடு உள்ளே வந்தார். வாசலில் ஒரு பையன் நோட்டில் ஏதோ எழுதினான், என்ன என்று பார்க்கவில்லை. நாங்கள் கடைசியில் ஒரு விரிப்பு வாங்கினோம். பில் போடும்போது கைடு கவுன்டர் பக்கத்திலேயே நின்றார்.

சாவி கையில்

அப்போ கமிஷன் கைடுடையதாக இருக்கும். டிரைவருக்கும் பங்கு உண்டு என்றால் அவர் பில் போடும் நேரத்தில் தூங்க மாட்டார். நோட்டில் வண்டி எண் எழுதியிருந்தால் சாயங்காலம் அவருக்கும் ஏதோ போயிருக்கலாம், அதைச் சொல்ல முடியாது.

ஆனால் டிரைவரை நான் முழுக்க விடமாட்டேன். அந்த ரோட்டில் ஓட்டுகிறவனுக்குக் காட்சிமுனை 5 மணிக்குப் பூட்டும் என்று தெரியாமல் இருக்காது. 2.20-க்கு கைடு "கடைக்குத் திருப்பு" என்றபோது, "மேடம், இப்போது கடைக்குப் போனால் மலைக்கு நேரம் இருக்காது, எது வேண்டும்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். எங்கள் வேலையில் விஷயம் தெரிவது என்றால் அதுதான். ராஜா பெயர் யாரும் எங்களிடம் கேட்பதில்லை. எந்தக் கேட் எப்போது பூட்டும், எந்த வளைவில் சாயங்காலம் வண்டிகள் தேங்கி நிற்கும் என்பதுதான் எங்கள் பாடம்.

காற்றாடி

எனக்கு ஒரு சந்தேகம். கடைக்குள் போக மாட்டேன் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்களா? நான் பயந்தே எல்லாக் கடையிலும் ஏதாவது வாங்கிவிடுவேன்.

சாவி கையில்

மாட்டார்கள். கொஞ்ச நேரம் முகம் சுருங்கும். காலையில் ஏறும்போதே "இன்றைக்கு மூன்று இடம்தான், கடை வேண்டாம்" என்று சொல்லிவிட்டால் அதுவும் இருக்காது. வண்டி திரும்பிய பிறகு சொன்னால்தான் சங்கடம்.

நீலக்குடை

எல்லாருக்கும் நன்றி. இரண்டாக எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

கம்பெனிக்கு, 2 ஸ்டார்: "7 மணி வண்டி 7.42-க்கு வந்தது. டிரைவர் விவரமே அன்று காலை 6.38-க்குத்தான் வந்தது. ஸ்லிப்படி வண்டி 18 கி.மீ. தள்ளி 6.55-க்குக் கிளம்பியது. கணக்கு ஷெட் டு ஷெட் என்பதால் எங்கள் 150 கி.மீ. பேக்கேஜில் எங்களுக்குக் கிடைத்தது 114 தான். உறுதிச் செய்தியின் கடைசிப் பகுதியைப் படித்துவிட்டுப் புக் செய்யுங்கள். மீட்டர் அளவில் குறை இல்லை, ஷெட் தூரம் போக எங்கள் ஃபோன் கணக்கோடு 2 கி.மீ. வித்தியாசம்தான். கேட்காத கடைக்கு 12 கி.மீ., ஒன்றரை மணி நேரம் போனது, அதற்கும் கட்டணம் வந்தது. அதனால் 5 மணிக்குப் பூட்டும் காட்சிமுனையைப் பார்க்க முடியவில்லை. டிரைவர் நிதானமாக ஓட்டினார், வயதானவரைக் கவனித்து இறக்கினார். நேரம் போதாது என்று முன்பே சொல்லியிருக்கலாம்."

கைடுக்கு, 3 ஸ்டார்: "நாங்கள் போகும் முன்பே வந்து காத்திருந்தார். மழைநீர் வழி, கொத்தனார் குறிகள் பற்றி அவர் காட்டியதை வேறு யாரும் காட்டியிருக்க மாட்டார்கள். சிற்பியின் கண், குதிரைக்கால் போன்ற கதைகளை வரலாறு போலவே சொல்கிறார். கடைக்குப் போகலாம் என்று சொன்னது இவர்தான். பத்து நிமிடம் என்றார், 55 நிமிடம் ஆனது."

டிரைவர் பெயரை எடுத்துவிட்டேன்.

பழைய ட்ரிப்ஷீட்

கம்பெனி ரிவ்யூவில் "அதனால்" என்ற சொல்லை மட்டும் மாற்றுங்கள். காலைத் தாமதமும் சேர்ந்தது என்று நாமே கணக்குப் போட்டோம். "இரண்டும் சேர்ந்து" என்று போடுங்கள். மற்றபடி, என் மேசைக்கு இப்படி ஒன்று வந்திருந்தால் பதில் எழுத நான் திணறியிருப்பேன்.

சாவி கையில்

பெயரை எடுத்தது நல்லது என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் நிதானமாக ஓட்டினார், கைப்பிடித்து இறக்கினார் என்ற வரிக்குப் பெயர் இருந்தால் அவருக்கு உதவும். பாராட்டில் பெயர் வரும் டிரைவரைத்தான் நல்ல டூட்டிக்குக் கூப்பிடுவார்கள். குறைக்கு ஒரு பெயர், நிறைக்கு ஒரு பெயர் என்று பிரித்து வைக்க முடியுமா தெரியவில்லை.

ஓரச்சீட்டு

அதே வரியில் "முன்பே சொல்லியிருக்கலாம்" என்பதும் இருக்கிறதே. பெயர் போட்டால் அதுவும் அவரோடு போகும்.

நீலக்குடை

அதில்தான் நானும் நிற்கிறேன். "அதனால்" என்பதை மாற்றிவிட்டேன். பெயர் விஷயம் ராத்திரி யோசித்து முடிவு செய்கிறேன்.

மறுநாள் சேர்க்கிறேன்: பெயர் போடாமலே இரண்டையும் அனுப்பிவிட்டேன். இன்று காலை கம்பெனியிலிருந்து அழைத்தார்கள். 12 கிலோமீட்டருக்கான தொகையைத் திருப்பித் தருகிறார்களாம், ஸ்டாரைக் கூட்ட முடியுமா என்று கேட்டார்கள். ரிவ்யூவில் "தொகை திரும்பியது" என்று ஒரு வரி சேர்க்கிறேன், ஸ்டார் அப்படியே இருக்கட்டும் என்றேன். கடையைப் பற்றிக் கேட்டபோது, அது டிரைவர் யோசனை என்று கைடு சொன்னாராம். டிரைவரிடம் கேட்டார்களா என்றேன். "கேட்டுச் சொல்கிறோம்" என்றார்கள்.

சாவி கையில்

கேட்க மாட்டார்கள் மேடம். அந்த வரியில் "கைடு வண்டிக்குள் வைத்துச் சொன்னார், டிரைவர் பேசவில்லை" என்று நீங்களே சேர்த்துவிடுங்கள்.

நீலக்குடை

சேர்த்துவிட்டேன்.